ஆறு வாரத்தில் பிசியாலஜி: முதலாண்டு எம்.பி.பி.எஸ். தேர்வுக்கு ஒரு முழு ரிவிஷன் திட்டம்

முதலாண்டு வைவாவில் எக்ஸ்டர்னல் என்னை இதயச் சுழற்சியை வரையச் சொன்னார். வரைந்தேன். இடது வென்ட்ரிக்கிளின் அழுத்தக் கோடு மேலே ஏற ஏற, கொள்ளளவுக் கோடு கூடவே கீழே இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் பென்சில் முனையால் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்க மைட்ரல் வால்வு மூடியாச்சு, அயோர்ட்டிக் வால்வு இன்னும் திறக்கல. அப்புறம் ரத்தம் எந்த வழியாம்மா வெளியே போச்சு?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பாடத்தை ஐந்து முறையாவது படித்திருந்தேன். மூன்று நிற ஹைலைட்டரும் தேய்ந்திருந்தன. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் படத்தை ஒருமுறைகூட நானாக வரைந்து பார்த்ததில்லை. இப்போது அதே துறையில் டியூட்டராக இருக்கிறேன். ஆண்டுதோறும் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்கும் திட்டம்தான் இது. பி.பார்ம்., நர்சிங், பிசியோதெரபி மாணவர்களும் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு இதையே பயன்படுத்தலாம்.

தொடங்கும் முன்: அரை நாள் வேலை

ஆறு வாரம் என்றால் 42 நாள். ஆனால் அந்த 42 நாளும் பிசியாலஜிக்கு மட்டும் கிடைக்காது. அனாட்டமியும் பயோகெமிஸ்ட்ரியும் பக்கத்திலேயே காத்திருக்கும். அதனால் ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம் என்று வைத்தே இதைப் போட்டிருக்கிறேன். எட்டு மணி நேரம் என்று போட்டால் மூன்றாம் நாளே உடைந்துவிடும்.

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களை எடுங்கள். முதல் தாளில் எந்தெந்த சிஸ்டம், இரண்டாம் தாளில் எவை என்று பாருங்கள். இந்தப் பிரிவு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். பொதுவாக ரத்தம், இதயம், நுரையீரல், சிறுநீரகம், செரிமானம் ஆகியவை ஒரு பக்கமும், நரம்பு மண்டலம், புலன்கள், நாளமில்லாச் சுரப்பிகள், இனப்பெருக்கம் ஆகியவை மறுபக்கமும் இருக்கும். எந்தப் படத்தை வரையச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இருபதிலிருந்து இருபத்தைந்து படங்கள் தேறும். ஆக்‌ஷன் பொட்டென்ஷியல், இதயச் சுழற்சி, ஆக்சிஜன் பிரிகை வளைவு, நெஃப்ரான், தண்டுவடப் பாதைகள், மாதவிடாய்ச் சுழற்சியின் ஹார்மோன் வரைபடம் என்று போகும். ஆறு வாரமும் உங்களுடன் இருக்கப்போவது இந்தப் பட்டியல்தான்.

ஒவ்வொரு நாளும் எப்படி ஓட வேண்டும்

முதல் இருபது நிமிடம் பழைய பாடம். வெள்ளைத்தாள், ஒரு பேனா, புத்தகம் மூடியிருக்க வேண்டும். நேற்றைய படம் ஒன்று, ஒரு வாரத்துக்கு முந்தைய படம் ஒன்று. வரைந்து முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, தவறுகளைச் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் தேதி எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள். கடைசி வாரத்தில் நீங்கள் படிக்க வேண்டியது புத்தகமல்ல, அந்தச் சிவப்பு மைதான்.

அப்புறம் இரண்டு மணி நேரம் அன்றைய பாடம். கல்லூரி நோட்ஸ் இருந்தால் அதிலிருந்தே படியுங்கள். புரியாத இடத்துக்கு மட்டும் பெரிய புத்தகத்தைத் திறங்கள். ரிவிஷன் காலத்தில் புதிய புத்தகம் வாங்குவது எனக்குத் தெரிந்து யாருக்கும் உதவியதில்லை. கடைசி ஒரு மணிச் சொச்சத்தில் பழைய வினா ஒன்றுக்குக் கடிகாரம் வைத்து விடை எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை புதிய பாடம் கிடையாது. அந்த வாரப் படங்கள் எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் வரைந்து பார்க்கும் நாள் அது. வாரத்தில் எது தவறிப்போனாலும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் வாரம்: செல், நரம்பு, தசை, ரத்தம்

பலர் இதயத்தில்தான் தொடங்குவார்கள், மதிப்பெண் அங்கே அதிகம் என்பதால். ஆனால் செல் சவ்வின் மின்னழுத்தம் புரியாமல் ஈ.சி.ஜி. புரியாது. மென்தசை சுருங்குவது தெரியாமல் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு புரியாது. இந்தத் திட்டத்தின் வரிசை முழுவதும் இப்படித்தான் அமைந்திருக்கிறது: பின்னால் வரும் சிஸ்டம் எதைக் கடன் வாங்கப்போகிறதோ அது முன்னால் வரும்.

திங்கள் முதல் புதன் வரை செல், நரம்பு, தசை. இதில் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: செல்லுக்கு வெளியே பொட்டாசியம் 4-லிருந்து 8-ஆக உயர்ந்தால் சவ்வு மின்னழுத்தம் என்ன ஆகும்? பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

```
E(K) = 61 × log (வெளியே / உள்ளே)
61 × log (4/140) = -94 mV
61 × log (8/140) = -76 mV
```

எண் பூஜ்ஜியத்தை நோக்கி வருகிறது, அதாவது செல் டீப்போலரைஸ் ஆகிறது. "வெளியே நேர்மின் அயனி கூடினால் உள்ளே இன்னும் எதிர்மின்னாகத்தானே ஆகும்?" என்று ஒவ்வொரு பேட்சிலும் யாராவது கேட்பார்கள். பொட்டாசியம் வெளியே கசிவதால்தான் உள்ளே எதிர்மின் உருவாகிறது. வெளியே பொட்டாசியம் அதிகமிருந்தால் கசிவு குறையும். கசிவு குறைந்தால் உள்ளே எதிர்மின்னும் குறையும். இந்த மூன்று வாக்கியத்தைத் தடுமாறாமல் உங்களால் சொல்ல முடிந்தால் அந்த அத்தியாயம் முடிந்தது.

வியாழன் முதல் சனி வரை ரத்தம். சிவப்பணு உருவாக்கம், ரத்தசோகை, ரத்தப் பிரிவுகள், உறைதல், நோயெதிர்ப்பு, நிணநீர். உறைதல் காரணிகளின் எண்களை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. ஹீமோஃபீலியா ஏ-யில் காரணி VIII இல்லை. அப்படியானால் ஏ.பி.டி.டி. நீளும், பி.டி. ஏன் இயல்பாக இருக்கிறது? இதற்குப் பதில் சொல்ல, அகவழி, புறவழி இரண்டையும் வரைந்தே ஆக வேண்டும். அந்த ஒரு கேள்விக்காக வரைந்தாலே அத்தியாயத்தின் பாதி வந்துவிடும்.

இரண்டாம் வாரம்: இதயமும் ரத்த ஓட்டமும்

ஒரு முழு வாரத்தையும் எடுத்துக்கொள்ளும் முதல் சிஸ்டம் இதுதான். திங்கள் மின்கடத்தலும் ஈ.சி.ஜி.யும், செவ்வாய் இதயச் சுழற்சி, புதன் கார்டியாக் அவுட்புட், வியாழன் ரத்தக்குழாய்களின் இயற்பியலும் நுண்குழாய்களும், வெள்ளி ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, சனி கரோனரி ஓட்டமும் ஷாக்கும்.

செவ்வாய்க்கிழமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் விழுந்த இடம் அல்லவா.

புத்தகத்தில் இருக்கும் அந்த ஏழடுக்குப் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். தாளில் ஒரு கிடைக்கோடு போட்டு 0-லிருந்து 0.8 வினாடி வரை குறியுங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சிக்கு அவ்வளவுதான். முதல் 0.1 வினாடி ஏட்ரியம் சுருங்கும் நேரம். அடுத்த 0.3 வினாடி வென்ட்ரிக்கிள் சுருங்கும் நேரம். மீதி, இரண்டும் தளர்ந்திருக்கும் நேரம்.

இப்போது எந்த வளைவையும் வரையாமல் நான்கு செங்குத்துக் கோடுகள் மட்டும் போடுங்கள்: மைட்ரல் மூடுகிறது, அயோர்ட்டிக் திறக்கிறது, அயோர்ட்டிக் மூடுகிறது, மைட்ரல் திறக்கிறது. முதல் இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 0.05 வினாடி இடைவெளி. கடைசி இரண்டுக்கும் நடுவேயும் அதேபோலச் சிறிய இடைவெளி ஒன்று, சற்றே கூடுதலாக. இந்த இரண்டு இடைவெளியையும் பென்சிலால் நிழலிட்டு விடுங்கள். வென்ட்ரிக்கிளின் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும் நேரம் அது.

அதன்பிறகு கொள்ளளவுக் கோடு. 120 மி.லி.யில் தொடங்கி, நிழலிட்ட பகுதியில் மட்டமாக ஓடி, அயோர்ட்டிக் திறந்த பிறகே கீழிறங்கி 50 மி.லி.க்கு வரும். இரண்டாவது நிழலில் மறுபடி மட்டம். மைட்ரல் திறந்ததும் ஏறத் தொடங்கும். கோடு நிழலுக்குள் சாய்ந்தால் நான் செய்த அதே தவற்றை நீங்களும் செய்கிறீர்கள்.

அடுத்து அழுத்தம். வென்ட்ரிக்கிள் அழுத்தம் ஏட்ரியத்தைத் தாண்டும் புள்ளியில்தான் மைட்ரல் மூட வேண்டும். அயோர்ட்டாவின் 80-ஐத் தாண்டும் புள்ளியில்தான் அயோர்ட்டிக் திறக்க வேண்டும். பலர் வென்ட்ரிக்கிள் அழுத்தம் 120-க்குப் போன உச்சியில் அயோர்ட்டிக் வால்வைத் திறப்பார்கள். உச்சியில் ரத்தம் ஏற்கெனவே பாய்ந்துகொண்டிருக்கும். கடைசியாக இதய ஒலிகள்: முதல் ஒலி மைட்ரல் மூடும் கோட்டில், இரண்டாம் ஒலி அயோர்ட்டிக் மூடும் கோட்டில். ஈ.சி.ஜி.யின் கியூ.ஆர்.எஸ். அழுத்தம் ஏறுவதற்குச் சற்று முன்னால் வர வேண்டும், மின்சாரம் முன்னே போய்த்தானே தசை பின்னே சுருங்கும்.

இதற்கு முதல் முறை முக்கால் மணி நேரம் ஆகும். புதன்கிழமை காலை இருபது நிமிடம். ஞாயிறன்று எட்டு நிமிடத்தில் வந்துவிடும். தேர்வில் உங்களுக்கு ஆகவேண்டியதும் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு கேள்வி போதும். படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நிற்கிறார், ஒரு கணம் கண் இருட்டுகிறது, பிறகு சரியாகிறது. அந்தச் சில வினாடிகளில் நடந்தவற்றை அம்புக்குறிகளால் எழுதுங்கள். காலில் ரத்தம் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, கரோட்டிட் சைனஸிலிருந்து கிளம்பும் நரம்பு சமிக்ஞைகள் குறைகின்றன. இங்கே கவனம்: அழுத்தம் குறைந்தால் பாரோரிசெப்டர் "தூண்டப்படுகிறது" என்று எழுதுபவர்கள் பாதிப்பேர். தூண்டல் குறைகிறது. அது குறைவதால்தான் சிம்பதெட்டிக் மேலே வருகிறது, வேகஸ் பின்வாங்குகிறது.

மூன்றாம் வாரம்: நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்தே

இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் சனிக்கிழமை தெரியும்.

திங்கள் முதல் புதன் வரை நுரையீரல். சுவாச இயக்கமும் கொள்ளளவுகளும், வாயுப் பரிமாற்றம், கட்டுப்பாடு என மூன்று நாள். ஆக்சிஜன் பிரிகை வளைவை மூன்று புள்ளிகளை வைத்து வரையுங்கள்: ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. என்றால் செறிவு 97 சதவீதத்தை ஒட்டி, 40 என்றால் 75 சதவீதம், 27-ஐ ஒட்டி 50 சதவீதம். அப்புறம் ரத்தசோகை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 15-க்குப் பதில் 7.5 கிராம். அவருடைய தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் என்ன, செறிவு என்ன, அளவு என்ன? முதல் இரண்டும் இயல்பு, மூன்றாவது மட்டும் பாதி. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும் என்பதிலிருந்து, 20 மி.லி. இருக்க வேண்டிய இடத்தில் 10 மி.லி. என்று நீங்களே கணக்கிடலாம். கரோட்டிட் பாடி அழுத்தத்தைத்தான் உணர்கிறது, அளவையல்ல. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு மூச்சு வாங்காது. இந்த மூன்று சொற்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்தான் ஹைப்பாக்சியா கேள்வியில் மாட்டுகிறார்.

வியாழனும் வெள்ளியும் சிறுநீரகம். வடிகட்டல், பிறகு ஒவ்வொரு குழாய்ப் பகுதியும் என்ன செய்கிறது, பிறகு சிறுநீர் அடர்த்தியாவது. ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 125 மி.லி., ரத்த குளுக்கோஸ் 400 மி.கி./டெ.லி., அதாவது ஒரு மி.லி.யில் 4 மி.கி. நிமிடத்துக்கு வடிகட்டப்படுவது 500 மி.கி. குழாய் அதிகபட்சம் மீட்கக்கூடியது 375 மி.கி. மீதி 125 மி.கி. சிறுநீரில் போகும். சரி, இதே கணக்குப்படி 375-ஐ 125-ஆல் வகுத்தால் 3 வருகிறது, அதாவது 300 மி.கி. வரை சிறுநீரில் சர்க்கரையே வரக்கூடாது. உண்மையில் 180-ஐ ஒட்டியே வரத் தொடங்கிவிடுகிறதே, ஏன்? எல்லா நெஃப்ரானுக்கும் ஒரே கொள்திறன் இல்லை என்பதும், கடத்திகள் முழுதாக நிரம்புமுன்பே கொஞ்சம் நழுவும் என்பதும் பதில். வரைபடத்தில் கோடு மூலையாக ஒடியாமல் வளைந்து போவது இதனால்தான்.

சனிக்கிழமை ஒரே ஒரு கேஸ். இரண்டு நாளாகக் கடும் பேதியுடன் ஒருவர் வருகிறார். வேகமாக, ஆழமாக மூச்சு வாங்குகிறது. நாடித்துடிப்பு 120. பி.எச். 7.25, பைகார்பனேட் 12, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 28.

```
pH = 6.1 + log ( HCO3 / (0.03 × PCO2) )
இயல்பு:            24 / 1.2  = 20    →  7.4
ஈடுகட்டாவிட்டால்:  12 / 1.2  = 10    →  7.1
இவருக்கு:          12 / 0.84 = 14.3  →  7.25
```

நடு வரியைக் கவனியுங்கள். பேதியில் குடல் வழியே பைகார்பனேட் பாதி போய்விட்டது. நுரையீரல் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் பி.எச். 7.1-க்கு இறங்கியிருக்கும். அந்த வேக மூச்சு கார்பன் டை ஆக்சைடை 40-லிருந்து 28-க்கு இறக்கியதால் 7.25-இல் நிற்கிறது. முழுவதும் 7.4-க்குத் திரும்பவில்லை, ஈடுகட்டல் பொதுவாக அவ்வளவு தூரம் போகாது. இனி அம்புக்குறிகள்: நீரிழப்பால் பாரோரிசெப்டர் (போன வாரத்து வெள்ளி), அதனால் நாடித்துடிப்பு 120. ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன். சிறுநீரகம் அமிலத்தை அம்மோனியமாக வெளியேற்றிப் புதிய பைகார்பனேட்டை உருவாக்குவது, அதற்கு நாட்கள் பிடிப்பது. பேதியோடு பொட்டாசியமும் போகிறது என்பதால் முதல் வாரத்துக் கணக்குக்கும் ஒரு அம்பு போடலாம். ஒரு பெரிய தாளில் இதை எழுதி முடித்தால் மூன்று வாரப் பாடமும் ஒரே இடத்தில் நிற்கும்.

நான்காம் வாரம்: நரம்பு மண்டலம்

வழக்கமாக எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். களைத்துப் போன மூளையோடு மூளையைப் படிப்பது வீண்வேலை, அதனால் நான் நான்காம் வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆறு நாளும் போதாது, அடுத்த வாரத்தின் திங்களும் இதற்கே.

சைனாப்ஸ், ரிசெப்டர், ரிஃப்ளெக்ஸ் ஒரு நாள். உணர்வுப் பாதைகளும் இயக்கப் பாதைகளும் இரண்டு நாள். சிறுமூளையும் பேசல் கேங்க்லியாவும் ஒரு நாள். ஹைபோதலமஸ், தூக்கம், மூளை அலைகள், நினைவாற்றல் ஒரு நாள். அதோடு உடல் வெப்பக் கட்டுப்பாட்டையும் தோலையும் சேர்த்து முடித்துவிடுங்கள், தனி நாள் தேவையில்லை. சனியும் அடுத்த திங்களும் கண், காது, சுவை, மணம்.

பாதைகளைப் படிக்க மிகச் சிறந்த வழி தண்டுவடத்தைப் பாதியாக வெட்டிப் பார்ப்பது, தாளில்தான். வலது பக்கம் மார்புப் பகுதியின் பத்தாவது கூறில் பாதி வெட்டு. அந்தக் கூறின் தோல் பகுதி தொப்புள் மட்டத்தில் இருக்கிறது. இப்போது வலது காலில் என்ன இல்லை, இடது காலில் என்ன இல்லை? இயக்கப் பாதை மெடல்லாவிலேயே பக்கம் மாறி வந்துவிட்டது, அதனால் வலது கால் செயலிழக்கும். அதிர்வையும் மூட்டு நிலையையும் சுமக்கும் பாதை மெடல்லா வரை அதே பக்கம் ஏறும், அதனால் அவையும் வலது பக்கமே போகும். வலியும் வெப்பமும் தண்டுவடத்தில் நுழைந்த சற்று மேலேயே பக்கம் மாறிவிடும், அதனால் அவை இடது பக்கம் போகும், அதுவும் ஓரிரு கூறு கீழிருந்து தொடங்கி. மூன்று பாதை எங்கே பக்கம் மாறுகிறது என்ற ஒரே செய்தியிலிருந்து முழு விடையும் வருகிறது. இதையே பார்வைப் பாதைக்கும் செய்யுங்கள்: கயாஸ்மாவை நடுவில் வெட்டினால் இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். ஏன் வெளிப்பக்கம் என்பதைப் படம் போட்டுத்தான் சொல்ல முடியும்.

பேசல் கேங்க்லியாவில் ஒரு நாளுக்கு மேல் செலவழிக்காதீர்கள். நேர்வழி இயக்கத்தை அவிழ்த்துவிடும், சுற்றுவழி இழுத்துப்பிடிக்கும், டோபமின் முதலாவதை ஊக்குவித்து இரண்டாவதை அடக்கும். பார்க்கின்சனில் டோபமின் குறைவதால் இயக்கம் ஏன் மெதுவாகிறது என்று இதிலிருந்து சொல்ல முடிந்தால், பெட்டி பெட்டியாகப் போட்ட அந்த முழுப் படமும் நினைவில் இல்லாவிட்டாலும் கரை சேர்ந்துவிடலாம்.

ஐந்தாம் வாரம்: சுரப்பிகள், இனப்பெருக்கம், செரிமானம்

செவ்வாய் முதல் வியாழன் வரை நாளமில்லாச் சுரப்பிகள். ஏ.டி.எச்., ஆல்டோஸ்டீரோன் இரண்டும் சிறுநீரகத்தோடு ஏற்கெனவே வந்துவிட்டன, ஹைபோதலமஸும் போன வாரம் முடிந்தது. அதனால் மூன்று நாள் போதும். இங்கே படிப்பதைவிடக் கேட்பது முக்கியம்: சுரப்பி கெட்டால் என்ன, அதை ஆட்டிவைக்கும் பிட்யூட்டரி கெட்டால் என்ன? தைராய்டே கெட்டால் டி4 குறையும், டி.எஸ்.எச். கூடும். பிட்யூட்டரி கெட்டால் இரண்டும் குறைவாக இருக்கும், அல்லது டி4 இறங்கியும் டி.எஸ்.எச். ஏறாமல் நிற்கும். கார்டிசாலுக்கும் பாலின ஹார்மோன்களுக்கும் இதே தர்க்கம் அப்படியே பொருந்தும். கால்சியத்துக்கு மட்டும் தனியாக ஒரு தாள் எடுத்து, எலும்பு, குடல், சிறுநீரகம் மூன்றையும் வரைந்து, பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் எங்கெங்கே கை வைக்கின்றன என்று அம்புக்குறி போடுங்கள்.

வெள்ளி இனப்பெருக்கம். மாதவிடாய்ச் சுழற்சியில் நான்கு ஹார்மோன்களையும் ஒரே அச்சில் வரைந்து, கீழே கருப்பை உட்சுவரின் தடிமனையும் காட்டுங்கள். 28 நாள் சுழற்சிதான் எல்லோருக்கும் மனப்பாடம். 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு முட்டை எப்போது வெளிவரும் என்று கேட்டால், பாதி வகுப்பு பாதி எண்ணைச் சொல்லும். முட்டை வெளிவந்த பிறகான கட்டம்தான் ஏறத்தாழ 14 நாளாக நிலையாக இருக்கிறது, முந்தைய கட்டம்தான் நீள்கிறது. எனவே 21-ஆம் நாளை ஒட்டி.

சனி செரிமானம். ஒரே நாளா என்று கேட்பீர்கள். இரைப்பையின் அமிலச் சுரப்பு, கணையத்துக்கு செக்ரெட்டினும் சி.சி.கே.யும் இடும் வெவ்வேறு கட்டளைகள், பித்தநீரின் சுற்றோட்டம், குடல் அசைவுகள், அவ்வளவுதான். நொதிகளின் அட்டவணை பயோகெமிஸ்ட்ரிக்கும் சேர்த்துப் படிப்பதால் இங்கே வேண்டாம். முந்தைய வாரங்களில் ஒரு நாள் தவறிப் போயிருந்தால், அந்த நாளுக்கும் இந்தச் சனியிலிருந்துதான் நேரம் எடுக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் தவறியிருந்தால் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். தவறிய அத்தியாயத்தில் படம் மட்டும் வரைந்து, வினாத்தாளில் அதிகம் வந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு அன்றைய நாளுக்கு வந்துவிடுங்கள்.

ஆறாம் வாரம்: எழுதும் வாரம்

திங்கள் முதல் தாள், புதன் இரண்டாம் தாள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பத்து மதிப்பெண் எஸ்ஸேவைப் பதினாறு நிமிடத்தில் முடித்தால்தான் கடைசியில் திரும்பிப் பார்க்க நேரம் மிஞ்சும். நன்றாகத் தெரிந்த முதல் எஸ்ஸேவுக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, கடைசியில் நான்கு ஷார்ட் நோட்ஸை விட்டுவிட்டு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எஸ்ஸேவில் முதலில் படத்தை வரைந்துவிடுங்கள், அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்தே எழுதலாம்.

செவ்வாயும் வியாழனும் திருத்தும் நாள். உங்கள் விடையை நீங்களே திருத்தாமல் அறைத்தோழியிடம் கொடுங்கள், அவளுடையதை நீங்கள் வாங்குங்கள். அடுத்தவர் விடையில் அம்புக்குறி காணாமல் போனது உடனே கண்ணில் படும்.

வெள்ளி செய்முறைக் கணக்குகள். ரத்த அணு எண்ணுவதில், சிவப்பணுவுக்கு எண்ணியதை ஏன் 10,000-ஆல் பெருக்குகிறோம், வெள்ளணுவுக்கு ஏன் 50-ஆல் என்று வைவாவில் கேட்காமல் விடமாட்டார்கள். சிவப்பணுவில் எண்ணும் 80 சிறு கட்டங்களின் மொத்தக் கொள்ளளவு ஒரு கன மி.மீ.யில் ஐம்பதில் ஒரு பங்கு, நீர்த்தல் 200 மடங்கு. 50-ஐ 200-ஆல் பெருக்கினால் 10,000. வெள்ளணுவில் கொள்ளளவு 0.4 கன மி.மீ., நீர்த்தல் 20 மடங்கு. 20-ஐ 0.4-ஆல் வகுத்தால் 50. எண்ணை மட்டும் சொல்லாமல் இந்த இரண்டு வரியையும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை வாய்விட்டுப் பேசும் நாள். ஒருவர் ஃபைலிலிருந்து ஏதாவது ஒரு தாளை உருவ வேண்டும், மற்றவர் அதைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் "ஏன்?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவது "ஏன்"-இல்தான் பெரும்பாலும் ஆட்டம் காணும். அந்த இடத்தைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஃபைலை முதல் தாளிலிருந்து புரட்டி, சிவப்பை மட்டும் பாருங்கள். ஒரே தவறு மூன்று தேதிகளில் வந்திருந்தால் அந்தப் படத்தை மட்டும் மறுபடி ஒருமுறை வரையுங்கள். என் மாணவி ஒருத்தியின் ஃபைலில் கொள்ளளவுக் கோடு நிழலுக்குள் சாய்ந்து நான்கு தாள்கள் இருந்தன. ஐந்தாவது தாளில் மட்டமாக இருந்தது, தேதி தேர்வுக்கு முந்தைய நாள்.